அன்று பென்சில் பெட்டி, இன்று வெறுங்கை

நுழைவுத் தேர்வுக்கு முந்தைய வாரத்தில் எங்கள் வீட்டில் அன்று நடந்தது சேகரிக்கும் வேலை. எதையெல்லாம் கொண்டுபோக வேண்டும் என்று அப்பா ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தார். முப்பது ஆண்டுகள் கழித்து அண்ணன் மகள் கயல் நீட் எழுதப் போன வாரத்தில் அதே வீட்டில் நாங்கள் செய்தது கழிக்கும் வேலை. எதையெல்லாம் விட்டுவிட்டுப் போக வேண்டும், எந்த இடத்தில் கையெழுத்துப் போடாமல் விட வேண்டும் என்பதுதான் அந்த வாரத்துக் கவலை. அரசுப் பள்ளியில் உயிரியல் நடத்துகிறவள் என்பதால் ஆண்டுதோறும் இதைப் பார்க்கிறேன். பாடத்தை முடித்துவிட்ட பிள்ளைகளும் இந்த வாரத்தில் தடுமாறுகிறார்கள். அதனால்தான் இதை விவரமாக எழுதுகிறேன்.

நான் எழுதியது தமிழ்நாடு தொழிற்கல்வி நுழைவுத் தேர்வு. அண்ணா பல்கலைக்கழகம் நடத்தியது. 1984இல் தொடங்கி, 2006இல் சட்டம் இயற்றி ஒழிக்கப்படும்வரை மருத்துவமும் பொறியியலும் படிக்க விரும்பிய பிள்ளைகள் எல்லாம் அதைக் கடந்துதான் போனார்கள். பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் 200க்கு, நுழைவுத் தேர்வு 100க்கு, ஆக மொத்தம் 300க்கு எவ்வளவு என்பதுதான் அந்தக் கோடை முழுக்க ஊரில் பேச்சு. நான் எழுதிய ஆண்டு 1994.

ஹால் டிக்கெட் அஞ்சலில் வந்தது. பேராவூரணிக்குத் தெற்கே எங்கள் கிராமத்துக்குத் தபால்காரர் சைக்கிளில் வருவார். அந்த உறையை அவர் அப்பா கையில்தான் கொடுத்தார். உள்ளே இருந்த தாளில் என் கறுப்பு வெள்ளைப் புகைப்படமும், அதன் ஓரத்தில் பச்சை மைக் கையெழுத்தும், தஞ்சாவூரில் ஒரு கல்லூரியின் பெயரும் இருந்தன. சரிபார்க்க அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை. பெயர் சரி, ஊர் சரி, தேதி சரி என்று அப்பா மூன்று முறை படித்துவிட்டு அதை சாமி படத்துக்குப் பின்னால் வைத்தார். தேர்வுக்கு இன்னும் நிறைய நாள் இருந்தது.

மீதி நாள்களெல்லாம் எழுதுபொருளுக்குப் போயின. விடைத்தாளில் வட்டங்களை எச்.பி. பென்சிலால் கருமையாக்க வேண்டும். பென்சிலைக் கூராகச் சீவினால் ஒரு வட்டத்தை நிரப்ப நேரம் பிடிக்கும். முனையைக் கொஞ்சம் மழுக்கி வைத்துக்கொண்டால் இரண்டு சுழற்றில் முடிந்துவிடும் என்று பள்ளியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆகவே எல்லாப் பென்சில்களையும் முதல் நாளே சீவி, பழைய செய்தித்தாளில் தேய்த்து மழுக்கி, தகரப் பெட்டிக்குள் அடுக்கினேன். அதோடு ரப்பர், சீவி, கிளிப் வைத்த அட்டை, இரண்டு பேனா. சித்தப்பா தன் எச்.எம்.டி. கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுத்தார். அது என் கையில் நிற்கவில்லை என்று அம்மா கைக்குட்டையில் முடிந்து கொடுத்தாள்.

பயணமும் அப்படியே. முதல் நாளே கிளம்பி, பட்டுக்கோட்டை போய், அங்கிருந்து ஒரத்தநாடு வழியாகத் தஞ்சாவூர். கரந்தையில் அப்பாவின் அத்தை வீட்டில் இரவு தங்கினோம். மாலையே கல்லூரிவரை நடந்துபோய் எந்த வாசல், எந்தக் கட்டடம் என்று பார்த்துவிட்டு வந்தோம். காலையில் இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனால் போதும். வாசலில் ஹால் டிக்கெட்டைப் பார்த்தார்கள், உள்ளே விட்டார்கள். மருத்துவ இடத்துக்கு என் மதிப்பெண் எட்டவில்லை, தாவரவியல் படித்து ஆசிரியரானேன். ஆனால் அந்தக் கடைசி வாரத்தில் நான் எதற்கும் பயந்ததாக நினைவில்லை. பயப்பட வேண்டிய வேலைகளை எல்லாம் பெரியவர்கள் முன்கூட்டியே முடித்துவிட்டிருந்தார்கள். முடிக்க அவர்களுக்கு நாளும் இருந்தது.

இனி 2025. நீட் மே 4, ஞாயிற்றுக்கிழமை. தேசியத் தேர்வு முகமை இரண்டு கட்டமாகத் தகவல் தருகிறது. முதலில், எந்த நகரம் என்பதை மட்டும் சொல்லும் சீட்டு. அதில் தேர்வு மையத்தின் பெயர் இருக்காது. கயலுக்குத் தஞ்சாவூர் என்று வந்தது. இந்தச் சீட்டை ஹால் டிக்கெட் என்று நினைத்து அச்செடுத்துப் பத்திரப்படுத்தும் பிள்ளைகள் ஒவ்வோர் ஆண்டும் என் வகுப்பிலேயே இருக்கிறார்கள். அதைக் காட்டினால் வாசலில் விடமாட்டார்கள். மையத்தின் பெயரோடு வரும் உண்மையான ஹால் டிக்கெட் அந்த ஆண்டு ஏப்ரல் 30, புதன்கிழமைதான் இணையத்தில் ஏறியது. மறுநாள் மே தினம், கடைகள் பாதி மூடியிருக்கும். அதன்பின் வெள்ளி, சனி, ஞாயிறு தேர்வு. அன்று நாள் கணக்கில் தபாலில் வந்த தாள் நிறைய அவகாசம் தந்தது. இன்று நொடியில் வரும் தாள் நான்கு நாள்தான் தருகிறது.

அந்தப் புதன்கிழமை மாலை பேராவூரணியில் ஒரு பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து neet.nta.nic.in தளத்தில் கயலின் விண்ணப்ப எண்ணைப் போட்டு இறக்கினோம். உடனே அச்செடுக்கவில்லை. திரையிலேயே வரி வரியாகப் படித்தோம். பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, பாலினம், இட ஒதுக்கீட்டுப் பிரிவு, புகைப்படம், கையெழுத்து. இவற்றோடு பலர் பார்க்காமல் விடும் ஒரு வரி உண்டு: வினாத்தாளின் மொழி. தமிழ் என்று விண்ணப்பித்தவருக்கு ஆங்கிலமும் தமிழும் சேர்ந்த வினாத்தாள் வரும். அதில் வேறு மொழி பதிவாகியிருந்தால் தேர்வறையில் மாற்றித் தர முடியாது.

பெயரில்தான் தமிழ்ப் பிள்ளைகளுக்கு அடிக்கடி சிக்கல். பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் ஓர் எழுத்தாக இருக்கும். ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால் ஒட்டியிருக்கும். கயலுக்கும் அப்படித்தான். விண்ணப்பத்தின்போதே ஆதாரோடு ஒத்துப் பார்த்துத் திருத்தியிருந்ததால் இரண்டும் பொருந்தின. பொருந்தாவிட்டால் என்ன செய்வது? ஹால் டிக்கெட்டில் பிழை கண்டவுடன் முகமையின் உதவி எண்ணுக்கும் மின்னஞ்சலுக்கும் தெரிவிக்க வேண்டும். தெரிவித்துவிட்டு, திருத்தம் வரும் என்று வீட்டில் காத்திருக்கக் கூடாது. கையில் இருக்கும் ஹால் டிக்கெட்டோடு தேர்வுக்குப் போய்விட வேண்டும், பதிவைப் பிறகு திருத்திக்கொள்ளலாம் என்பதுதான் முகமையே எழுதியிருக்கும் விதி. சின்ன எழுத்துப் பிழைக்காக ஒரு பிள்ளை அந்த வாரம் முழுக்கத் தூக்கம் கெட வேண்டியதில்லை.

எல்லாம் சரி என்று தெரிந்த பிறகு ஏ4 தாளில், வண்ணத்தில், இரண்டு பிரதி எடுத்தோம். ஒன்று நிரப்ப, மற்றொன்று நிரப்புகையில் ஏதாவது கெட்டுவிட்டால் எடுத்துக்கொள்ள. இந்த இரண்டாவது பிரதி வீண் செலவு இல்லை என்பது மறுநாளே தெரிந்தது.

நீட் ஹால் டிக்கெட் ஒரு சீட்டு மட்டுமல்ல, நிரப்ப வேண்டிய படிவமும் அதுவே. முதல் பக்கத்தில் உறுதிமொழி. அங்கே விண்ணப்பத்தில் ஏற்றிய அதே பாஸ்போர்ட் அளவுப் படம் ஒட்ட வேண்டும், இடது கைப் பெருவிரல் ரேகை வைக்க வேண்டும், பெற்றோர் கையெழுத்திட வேண்டும். இன்னொரு பக்கத்தில் அஞ்சலட்டை அளவு, அதாவது 4க்கு 6 அங்குலப் படம் ஒட்டக் கட்டம் இருக்கிறது. வெள்ளைப் பின்னணி வேண்டும், காது தெரிய வேண்டும். வருகைப் பதிவேட்டில் ஒட்ட இன்னொரு பாஸ்போர்ட் படத்தைத் தனியாகக் கொண்டுபோக வேண்டும். படம் எடுத்த அன்றே ஸ்டுடியோவில் போதுமான பிரதி வாங்கி வைக்கச் சொல்வது இதனால்தான். மே தினத்தன்று ஸ்டுடியோ மூடியிருந்து, நாள்பட்ட படத்தை அவர்கள் கணினியிலிருந்து அழித்தும் விட்டிருந்தால், அதே படம் எங்கே கிடைக்கும்? புதுப் படம் எடுத்து ஒட்டினால் அது விண்ணப்பத்தில் உள்ள படம் இல்லை என்று கேள்வி வரும்.

வியாழக்கிழமை காலை திண்ணையில் உட்கார்ந்து ரேகை வைத்தோம். கயல் பெருவிரலை மைப் பட்டையில் அழுத்தித் தாளில் ஊன்றினாள். மை அதிகமாகி ரேகைக்குப் பதில் கறுப்புப் பொட்டுதான் விழுந்தது. அந்தப் பிரதியை ஓரமாக வைத்துவிட்டு, முதலில் வேறு தாளில் பழகினோம். விரலைத் துடைத்து, மையை லேசாகத் தொட்டு, நகத்தின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை ஒரே உருட்டு. கோடுகள் தனித்தனியாகத் தெரிந்தால்தான் அது ரேகை. இரண்டாவது பிரதியில் சரியாக விழுந்தது.

ரேகைக்கு அடுத்து அவள் பேனாவை எடுத்தாள். அருகிலேயே விண்ணப்பதாரர் கையெழுத்து என்று ஓர் இடம் காலியாக இருந்தது.

“அதுல போடாத கயல்” என்றேன்.

“எல்லாத்தையும் நிரப்பிட்டு வரணும்னுதானே அத்தை போட்டிருக்கு?”

“கீழே சின்ன எழுத்துல என்ன போட்டிருக்குன்னு படி.”

படித்தாள். கண்காணிப்பாளர் முன்னிலையில் இட வேண்டியது என்று ஆங்கிலத்தில் இருந்தது. வீட்டிலேயே கையெழுத்திட்டுக் கொண்டுபோனால், இது நீங்கள்தானா என்று நேரில் பார்த்து உறுதிசெய்ய அந்தக் கையெழுத்து பயன்படாது. அஞ்சலட்டைப் படத்தின் மேல் குறுக்கே இடும் கையெழுத்தும் தேர்வறையில்தான். ஆக அந்தத் தாளில் வீட்டிலேயே முடிக்க வேண்டிய இடங்களும், அறைவரை வெறுமையாக வைத்திருக்க வேண்டிய இடங்களும் கலந்து கிடக்கின்றன. நான் என் மாணவர்களிடம் பென்சிலால் ஒரு சின்ன எழுத்து வைக்கச் சொல்வதுண்டு, ஆனால் அதை மூலத்தில் வைக்காமல் ஜெராக்ஸில் வைக்கச் சொல்வேன். வீடு என்றால் ‘வீ’, அறை என்றால் ‘அ’. மூலத்தை நிரப்பும்போது அந்த ஜெராக்ஸ் பக்கத்தில் இருந்தால் போதும்.

எழுதுபொருளில்தான் காலம் தலைகீழாகத் திரும்பியிருக்கிறது. என் தகரப் பெட்டியில் இருந்த ஒரு பொருளைக்கூடக் கயல் கொண்டுபோக முடியாது. பென்சில், ரப்பர், அளவுகோல், அட்டை, பெட்டி, பிளாஸ்டிக் உறை எல்லாம் தடை. விடைத்தாளை நிரப்பும் கறுப்பு பால் பாயிண்ட் பேனாவை அறையிலேயே தருகிறார்கள், சொந்தப் பேனாவுக்கும் அனுமதியில்லை. கைக்கடிகாரம் கூடாது, எச்.எம்.டி.யானாலும் சரி. பணப்பை, பெல்ட், தொப்பி, நகை, செல்போன், உணவுப் பொட்டலம் எதுவும் கூடாது. பைகளை வைக்க மையத்தில் இடம் தரமாட்டார்கள். கையில் போவது இவ்வளவுதான்: நிரப்பிய ஹால் டிக்கெட், தனிப் படம், அடையாள அட்டையின் அசல், உள்ளே இருப்பது வெளியே தெரியும் தண்ணீர் பாட்டில். அடையாள அட்டை செல்போனில் இருக்கிறது என்பது உதவாது, செல்போனே வாசலைத் தாண்டாது.

பேனாவை அவர்களே தருவதால் எழுதுபொருள் பற்றி இனி நினைக்கவே வேண்டாம் என்று விட்டுவிடக் கூடாது. ஜெல் பேனாவிலும் பென்சிலிலும் மட்டுமே பழகிய பிள்ளைக்கு, சாதாரண பால் பாயிண்டில் வட்டத்தை நிரப்புவது கைக்குப் புதிது. ரப்பரால் அழிக்கவும் வழியில்லை. அதனால் கடைசி வாரத்தில் எழுதும் மாதிரித் தேர்வை மலிவான கறுப்பு பால் பாயிண்டில், உண்மையான ஓ.எம்.ஆர். தாளின் நகலில், பிற்பகல் 2 மணி முதல் 5 மணிவரை எழுத வைக்கிறேன். 2025இல் வினாக்கள் 180, நேரம் 180 நிமிடம். வட்டம் நிரப்பும் நேரமும் அதற்குள்ளேதான். கைக்கடிகாரம் இல்லாமல் எழுதியும் பழக வேண்டும். கயலுக்கு முதலில் அதுதான் கஷ்டமாக இருந்தது.

உடையையும் இந்தப் பட்டியலில்தான் சேர்க்க வேண்டும். அரைக்கை உடுப்பு, தாழ்ந்த குதிகாலுள்ள செருப்பு. முழுக்கையும் ஷூவும் கூடாது. மதம் அல்லது வழக்கம் சார்ந்த உடை அணிவோர் சோதனைக்காக இன்னும் முன்னதாக வந்துவிட வேண்டும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பெரிய தொல்லை மூக்குத்தி. சின்ன வயதில் குத்தி, திருகு இறுகிப்போய் வருடக்கணக்கில் கழற்றாமல் இருக்கும். அதைத் தேர்வு வாசலில் கழற்ற முயன்று மூக்கில் ரத்தம் வந்து அழுதுகொண்டே உள்ளே போன பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். கயலை ஏப்ரலிலேயே பத்தரிடம் அழைத்துப்போய்க் கழற்றிவிட்டோம், துளை மூடாமலிருக்க வேப்பங்குச்சி வைத்து, அதையும் தேர்வன்று காலை எடுத்துவிட்டாள். கொலுசு, தோடு, இரும்பு ஹேர்பின், கையில் கட்டிய கோயில் கயிறு எல்லாம் சனிக்கிழமை இரவே கழன்றாக வேண்டும். சாமி கயிற்றை வாசலில் அந்நியர் கத்தரித்தால் பிள்ளையின் மனம் அங்கேயே உடைந்துவிடுகிறது. வீட்டில் அம்மா கையால் அவிழ்த்துப் பூஜை அலமாரியில் வைத்தால் அந்த வருத்தம் இல்லை.

வழிக்கு வருகிறேன். ஹால் டிக்கெட்டில் இருந்த பள்ளியின் பெயரை அண்ணன் செல்போன் வரைபடத்தில் போட்டார். ஒரே அறக்கட்டளைப் பெயரில் இரண்டு இடங்கள் வந்தன. ஒன்று நகருக்குள் பழைய வளாகம், மற்றொன்று புறவழிச் சாலை ஓரம் புதியது. வரைபடம் முதலில் காட்டியது நகருக்குள் இருப்பதை. ஹால் டிக்கெட்டின் முகவரியில் உள்ள அஞ்சல் குறியீட்டு எண்ணை இரண்டோடும் ஒப்பிட்டபோது, புறவழிச் சாலைப் பள்ளிதான் மையம் என்று தெரிந்தது. பெயரை மட்டும் நம்பிப் போகிறவர்கள் தவறான வாசலில் நின்று, அங்கே காவலர் சொல்லித் திரும்பி ஓடுவது ஆண்டுதோறும் எங்காவது நடக்கிறது.

சனிக்கிழமை அண்ணனும் கயலும் நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். முகமையும் முந்தைய நாளே மையத்தைப் பார்த்துவிடச் சொல்கிறது. பார்த்து வரச் சொன்னபோது மூன்று கேள்விகளை நான் எழுதிக் கொடுத்திருந்தேன். நாம் ஏறும் பட்டுக்கோட்டைப் பேருந்து தஞ்சையில் எந்த நிலையத்தில் நிற்கும், பழையதிலா புதியதிலா? அங்கிருந்து பள்ளிக்கு நகரப் பேருந்து ஞாயிற்றுக்கிழமை உண்டா? காத்திருக்கும் பெற்றோருக்கு நிழலும் கழிப்பறையும் எங்கே? பழைய நிலையத்துக்கும் புதியதுக்கும் இடையே சில கிலோமீட்டர் இருக்கிறது. தெரியாமல் இறங்கினால் அரைமணி நேரம் அங்கேயே போய்விடும். இரண்டாவது கேள்விக்குக் கிடைத்த பதில்தான் எங்கள் திட்டத்தை மாற்றியது. வார நாளில் அந்தச் சாலையில் ஓடும் பேருந்து ஞாயிற்றுக்கிழமை குறைவு என்று டீக்கடைக்காரர் சொன்னார். உடனே அங்கேயே ஓர் ஆட்டோக்காரரிடம் பேசி, மறுநாள் காலை நிலையத்துக்கு வர ஏற்பாடு செய்துவிட்டு வந்தார் அண்ணன். சனிக்கிழமை போய்ப் பார்ப்பது கட்டடத்தைத் தெரிந்துகொள்ள மட்டுமல்ல, ஞாயிற்றுக்கிழமை அந்தச் சாலை எப்படி இருக்கும் என்று கேட்டு வரவும்தான்.

நேரத்தைப் பின்னாலிருந்து எண்ண வேண்டும். தேர்வு 2 மணி. வாசல் அடைப்பது 1.30. ஒரு நிமிடம் தாண்டினாலும் விடமாட்டார்கள். ஆனால் நாம் பிடிக்க வேண்டிய நேரம் அந்த 1.30 அல்ல. கூட்டம் சேராமலிருக்க மாணவர்களுக்கு வெவ்வேறு வருகை நேரம் ஹால் டிக்கெட்டில் அச்சிடுகிறார்கள். கயலுக்கு 11.30. ஆகவே 11 மணிக்கு வாசலருகே நிற்க வேண்டும். அதற்கு 10.15க்குத் தஞ்சையில் இறங்க வேண்டும். ஒரத்தநாடு வழி ஒன்றரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடவே வைத்து, பட்டுக்கோட்டையில் 8.15க்குள் ஏற வேண்டும். வீட்டிலிருந்து கிளம்புவது 7 மணி. இதைத் தாளில் எழுதி, பக்கத்திலேயே இன்னொரு வரிசையும் எழுதினோம்: 9 மணிவரை பட்டுக்கோட்டையில் பேருந்து கிடைக்காவிட்டால் மாமா மகனின் காரைக் கூப்பிடுவது. மாற்று வழி என்பது மனத்தில் இருந்தால் போதாது. எத்தனை மணிக்கு அதற்கு மாறுவது என்பதும் முதல் நாளே முடிவாக வேண்டும். இல்லையென்றால் இன்னும் ஐந்து நிமிடம் பார்க்கலாம் என்று நின்றே நேரம் போய்விடும்.

சாப்பாடும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. 11.30க்கு உள்ளே போகும் பிள்ளை 5 மணிக்குப் பிறகுதான் வெளியே வரும். உள்ளே தண்ணீர் மட்டும். வழக்கமான மதியச் சாப்பாட்டு நேரம் முழுதும் வாசலுக்கு உள்ளே கழிகிறது. ஆகவே காலையில் லேசாக இட்லி, 10.45க்கு ஆட்டோவிலேயே தயிர் சாதம். மே 4 அக்னி நட்சத்திரம் தொடங்கும் நாள். அந்த வெயிலில் அண்ணன் பள்ளிக்கு எதிரே ஒரு புங்கமரத்தடியில் ஐந்தரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அவரைச் சுற்றி இன்னும் எத்தனையோ பெற்றோர்.

இதை எழுதுகையில் 2018 நினைவுக்கு வராமல் இருப்பதில்லை. அந்த ஆண்டு தேர்வை நடத்தியது மத்திய இடைநிலைக் கல்வி வாரியம். தமிழ்நாட்டுப் பிள்ளைகள் பலருக்குக் கேரளத்திலும், சிலருக்கு ராஜஸ்தானிலும் சிக்கிமிலும்கூட மையம் கிடைத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போய், அந்த ஆண்டு மாற்ற முடியாது என்று மே 3ஆம் தேதி முடிவானது. தேர்வு மே 6. மூன்று நாளில் ரயில் டிக்கெட்டும் தங்குமிடமும் தேடி, மொழி தெரியாத ஊரில் வாசலைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. மகனை அழைத்துக்கொண்டு எர்ணாகுளம் போன ஒரு தகப்பனார், மகன் தேர்வெழுதிக்கொண்டிருந்த நேரத்தில் மாரடைப்பால் இறந்தார். மையம் எங்கே என்பதையும் அதைச் சொல்லும் நாளையும் தீர்மானிப்பவர்கள் அந்த மரணத்தை மறக்கக் கூடாது. அடுத்த ஆண்டுகளில் மாநிலத்துக்குள் மையங்கள் கூடின. ஹால் டிக்கெட் வரும் நாளோ இன்னும் தேர்வை ஒட்டியே இருக்கிறது.

2020இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீட்டுக்குப் பிறகு, எங்கள் கிராமம் போன்ற ஊர்களிலிருந்து அரசுப் பள்ளிப் பிள்ளைகள் துணிந்து இந்தத் தேர்வுக்கு வருகிறார்கள். அவர்கள் வீட்டில் பிரிண்டர் கிடையாது, கார் கிடையாது, ஆங்கிலத்தில் இருக்கும் அறிவுரைப் பக்கத்தைப் படித்துச் சொல்லப் பலருக்கு ஆளும் கிடையாது. நகரத்தில் ஒரு தகப்பனார் ஒரு மாலையில் முடிக்கும் வேலைக்கு இங்கே நான்கு நாளும் செலவாகிறது. அந்த நான்கு நாளும் படிப்பிலிருந்துதான் கழிகிறது. என்னைக் கேட்டால், ஹால் டிக்கெட்டை இரண்டு வாரம் முன்பே தருவதில் எந்தத் தடையும் இருக்கக் கூடாது என்பேன். தபாலில் முடிந்தது, இணையத்தில் முடியாதா?

அது நடக்கும்வரை நம்மால் ஆவதைச் செய்யலாம். மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஹால் டிக்கெட் வரும் நாளிலிருந்து தேர்வுவரை, விடுமுறையானாலும், கணினி அறையை மாலையில் திறந்து வையுங்கள். வண்ண அச்சுக்கு ஏற்பாடு செய்யுங்கள், ஒரு மைப் பட்டையும் ஒரு பசைக் குப்பியும் வாங்கி வையுங்கள். ஒரே நகரத்தில் மையம் கிடைத்த பிள்ளைகளைச் சேர்த்து ஒரு வேன் பேசிக் கொடுங்கள். ஊரில் இருக்கும் படித்தவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். விதிகளும் நேரமும் ஆண்டுக்கு ஆண்டு மாறுகின்றன. 2018இல் காலை 10 மணிக்கு இருந்த தேர்வு 2019இல் பிற்பகல் 2 மணிக்குப் போனது. போன ஆண்டு எழுதியவர் சொன்னதை நம்பி அனுப்பாதீர்கள். உங்கள் தெருவில் நீட் எழுதும் பிள்ளை இருந்தால், ஹால் டிக்கெட் வந்த அன்றே அதோடு உட்கார்ந்து, அந்த அறிவுரைப் பக்கத்தை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை தமிழில் சொல்லிக் கொடுங்கள்.